நாலில் நிற்கக் கற்பது

எல்.கே.ஜி.யில் சேர்ந்து ஆறு மாதம் ஆன பிள்ளை ஒன்றிலிருந்து இருபது வரை ஒரே மூச்சில் சொல்லிவிடும். வீட்டுக்கு வருகிற சித்தப்பாவிடமும் மாமாவிடமும் சொல்லிக் காட்டி மிட்டாயும் வாங்கிவிடும். அதே பிள்ளை முன்னால் ஒரு கிண்ணம் நிறையக் கூழாங்கற்களை வைத்து, "இதுல நாலு எடுத்துக் குடு" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் கை கொள்ளும் அளவுக்கு அள்ளிக் கொடுப்பார்கள். சிலர் ஒன்று, இரண்டு என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எடுக்கத் தொடங்கி, நாலைத் தாண்டி ஆறு, ஏழு என்று கிண்ணம் காலியாகும்வரை போவார்கள். எண்களின் வரிசை அவர்களுக்குத் தெரியும். எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

மழலையர் வகுப்பில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பாடுகிற, ஆடுகிற நேரத்தை ஆசிரியைகள் 'சர்க்கிள் டைம்' என்கிறார்கள். எண்களைப் பழக்குவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் பெரும்பாலான இடங்களில் இந்த நேரம், பிள்ளைகள் கூட்டமாகக் கத்தி எண்களைச் சொல்வதிலேயே கழிந்துவிடுகிறது. இருபது நிமிடப் பாடம் ஒன்றை, 'சொன்ன எண்ணில் நிற்பது' என்ற ஒரே குறிக்கோளுக்காக எப்படித் திட்டமிடலாம் என்று இங்கே பார்ப்போம். குதிப்பது, பாடுவது, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு நகர்வது ஆகிய மூன்றும் அந்த ஒரே குறிக்கோளுக்கு உழைக்க வேண்டும். அப்படி அமையாத பாடத்தில் பிள்ளைகளுக்குச் சந்தோஷம் கிடைக்கும், எண் கிடைக்காது.

முதலில், எண்ணுவது என்பது என்ன? அமெரிக்க உளவியலாளர்கள் ரோச்செல் கெல்மன், காலிஸ்டல் இருவரும் 1978-ல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். எண்ணும்போது ஒரு பொருளுக்கு ஒரு எண் மட்டுமே சேர வேண்டும். எண்களின் வரிசை மாறக் கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் எத்தனை என்பதற்கான விடை. எந்தப் பொருளையும், சத்தத்தையும்கூட எண்ணலாம். எந்த முனையிலிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது. பெரியவர்களுக்கு இந்த ஐந்தும் ஒரே செயலாகத் தெரியும். பிள்ளைகளுக்கோ இவை தனித்தனியாக, வெவ்வேறு காலத்தில் வந்து சேர்கின்றன.

அவற்றில் தாமதமாக வருகிற ஒன்று மூன்றாவது, அதாவது கடைசி எண்ணே மொத்தம் என்பது. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு பிள்ளை நாலு கல்லை ஒழுங்காகத் தொட்டு எண்ணி முடித்ததும், "அப்போ மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். "நாலு" என்று உடனே சொன்னால் அது வந்துவிட்டது என்று நம்பலாம். பதிலுக்கு மறுபடியும் முதலிலிருந்து "ஒண்ணு, ரெண்டு..." என்று எண்ணத் தொடங்கினால் இன்னும் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு 'எத்தனை?' என்பது 'மறுபடி எண்ணு' என்ற கட்டளையாகக் கேட்கிறது.

மேலே சொன்ன, கிண்ணத்திலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லும் சோதனையை ஆராய்ச்சியில் பரவலாக்கியவர் கேரன் வின். 1990-களின் தொடக்கத்தில் அவர் கண்டது இது: பிள்ளைகள் முதலில் 'ஒன்று' என்பதன் பொருளை மட்டும் அறிகிறார்கள். சில மாதம் கழித்து 'இரண்டு', அதற்கும் பிறகு 'மூன்று' வருகிறது. ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக, மெதுவாக வருகிறது. அதன்பின் ஒரு கட்டத்தில் எண்ணும் முறை மொத்தமாகப் பிடிபட்டு, தெரிந்த எந்த எண் வரைக்கும் சரியாக எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆகவே ஒரே எல்.கே.ஜி. வகுப்பில் 'இரண்டு' வரை பொருள் அறிந்த பிள்ளையும், பத்தைக் கேட்டால் பத்தைத் தருகிற பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே குரலில் இருபது வரை சொல்லிக்கொண்டிருக்கலாம். கூட்டுக்குரல் அந்த வேறுபாட்டை முழுசாக மறைத்துவிடும்.

இனிப் பாடத்துக்கு வருவோம். 22 பிள்ளைகள், ஒரு மிஸ், ஒரு ஆயாம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி வகுப்பறைக்குப் பாய் விரித்திருக்கிறது. சுண்ணாம்புக் கட்டியால் தரையில் பெரிய வட்டம் போட்டு, அதன்மேல் ஆளுக்கொரு புள்ளி வைத்துவிட்டால் இடத்துக்காக இடித்துக்கொள்வது நின்றுவிடும். மிஸ் நாற்காலியில் உட்காராமல் வட்டத்திலேயே தரையில் உட்கார வேண்டும். அவருடைய கையும் வாயும் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் காரணம். ஒரு இடத்தில் நிற்க முடியாமல் அலைகிற பிள்ளைகளை எதிர்ப்பக்கத்தில் விடாமல் மிஸ்ஸுக்கோ ஆயாம்மாவுக்கோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கருவிகள் அதிகம் வேண்டாம். தட்டுவதற்கு ஒரு சின்ன மேளம் அல்லது காலி பிஸ்கட் டின். பிள்ளைக்கு ஒன்றாக 22 காகிதக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் ஏழு கூழாங்கல் அல்லது பாட்டில் மூடி. புளியங்கொட்டை, பட்டன், பட்டாணி போன்றவை இந்த வயதில் மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் போய்விடும் என்பதால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஏன் ஏழு கல் என்று பிறகு சொல்கிறேன். கோப்பைகளை முந்தின நாளே நிரப்பி வைக்க வேண்டும். வகுப்பில் வைத்து நிரப்பத் தொடங்கினால் அந்தப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

தொடக்கம் இரண்டு நிமிடம். பிள்ளைகள் பையை வைத்துவிட்டு வட்டத்துக்கு வருவது ஒரே நேரத்தில் நடக்காது. முதலில் வந்த ஐந்து பேர் மீதிப் பதினேழு பேருக்காகச் சும்மா காத்திருந்தால், எல்லோரும் வந்து சேரும்போது அந்த ஐந்து பேரும் சண்டையில் இருப்பார்கள். அதனால் முதல் பிள்ளை உட்கார்ந்ததுமே மிஸ் தொடையைத் தட்டத் தொடங்க வேண்டும். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி. மறுபடி இரண்டு தட்டு, ஒரு இடைவெளி. பேச்சே வேண்டாம். வந்து உட்காருகிறவர்கள் ஒவ்வொருவராக அதில் சேர்ந்துகொள்வார்கள். பாதிப் பேர் சேர்ந்ததும் மூன்று தட்டுக்கு மாறலாம். 'இத்தனை முறை தட்டிவிட்டு நிற்க வேண்டும்' என்ற பழக்கம் ஒரு வார்த்தை சொல்லாமலே தொடங்கிவிடும். வந்து சேர்வதற்கான நேரமும் பாடமாகிவிடும்.

அடுத்த ஐந்து நிமிடம் குதிப்பது. எல்லோரும் தங்கள் புள்ளியில் எழுந்து நிற்கிறார்கள். "மூணு குதி குதிக்கணும். குதிச்சதும் கல்லாயிடணும். அசையவே கூடாது." மிஸ் சத்தமாக எண்ண, பிள்ளைகள் குதித்து, உறைந்து நிற்பார்கள். உடனே, "எத்தனை குதிச்சோம்?" என்ற கேள்வி. "மூணு!" அடுத்து இரண்டு. அதன்பின் நாலு. திடீரென்று ஒன்று. ஒரே ஒரு குதிக்குப் பிள்ளைகள் சிரிப்பார்கள், ஏனென்றால் உடம்பு இன்னொன்றுக்குத் தயாராகியிருக்கும். அந்தச் சிரிப்பை அனுமதிக்க வேண்டும். நிற்க வேண்டிய இடம் கடந்துபோனதைத் தங்கள் காலாலேயே உணர்ந்துவிட்டார்கள் என்பதற்கு அது அடையாளம்.

இங்கே எண்களை வரிசையாகக் கேட்கவே கூடாது. எப்போதும் பத்து வரை எண்ணிக் குதிக்கிற வகுப்பில் பிள்ளைக்கு நிற்பதற்கான தேவையே வருவதில்லை. பத்தில் பாட்டு முடிந்துவிடும், அதனால் காலும் நிற்கும். மூன்று, ஒன்று, நாலு, இரண்டு, ஐந்து என்று கலைத்துக் கேட்கும்போதுதான் ஒவ்வொரு தடவையும் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, அங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது. இந்தப் பாடத்துக்கு ஐந்துக்கு மேல் போக வேண்டாம். "இன்னும் அஞ்சுலதான் இருக்கீங்களா?" என்று கேட்கும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கிண்ணத்தையும் கற்களையும் கொடுத்து, வீட்டில் பிள்ளையிடம் நாலு கேட்டுப் பார்க்கச் சொல்வதே நல்ல பதில்.

குதிக்கும்போது வருகிற ஒரு பிழையைக் கவனிக்க வேண்டும். நாம் பேசுகிற தமிழில் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு எல்லாமே இரண்டு அசைகளாக உச்சரிக்கப்படுகின்றன. சில பிள்ளைகள் 'ஒண்' என்பதற்கு ஒரு குதி, 'ணு' என்பதற்கு இன்னொரு குதி போடுவார்கள். எண்ணில் மூன்று சொல்லி முடிக்கும்போது காலில் ஆறு நடந்திருக்கும். ஆங்கிலத்தில் எண்ணுகிற வகுப்புகளில் இந்தத் தொல்லை ஏழு வரும்போதுதான் தெரியும். ஒன்றிலிருந்து பத்துக்குள் 'செவன்' மட்டும்தான் இரண்டு அசை. அதுவரை ஒழுங்காகப் பொருளைத் தொட்டுவந்த விரல் அங்கே இரண்டு பொருளைத் தொட்டுவிடும். இதைத் திருத்த பிள்ளையைத் திட்ட வேண்டியதில்லை. மிஸ் தன் குரலை மாற்றினால் போதும். முதல் அசையில் அழுத்தி, அதோடு சேர்த்துக் குதித்து, இரண்டாவது அசையைத் தரையில் கால் ஊன்றியபடி இழுத்து முடிக்க வேண்டும். ஒவ்வொரு குதிக்கும் நடுவே ஒரு முழு மூச்சு இடைவெளி விடுங்கள். மிஸ் வேகமாக எண்ணினால் பிள்ளைகளின் கால் எண்ணைவிட்டுப் பிரிந்து தன்பாட்டில் குதிக்கத் தொடங்கிவிடும். வேகம்தான் இந்தப் பகுதியில் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். எழுத்து வடிவத்தில் 'ஒன்று, இரண்டு' என்று சொல்ல வேண்டுமா என்று கேட்பார்கள். வீட்டில் கேட்கிற ஒண்ணு, ரெண்டு என்பதிலேயே தொடங்குங்கள். ஒரே பாடத்தில் தமிழ் எண்ணையும் ஆங்கில எண்ணையும் மாற்றி மாற்றிப் போடாமல் இருந்தால் சரி.

மூன்று நான்கு சுற்று ஆனதும் மிஸ் எண்ணுவதை நிறுத்திவிட்டு, மேளத்தை மட்டும் நாலு முறை தட்டுகிறார். பிள்ளைகள் கேட்டுவிட்டு அதே அளவு குதிக்க வேண்டும். இது கடினம். கல் கண்முன்னே கிடக்கும், மறுபடி எண்ணிக்கொள்ளலாம். மேளச் சத்தம் அடித்ததும் போய்விடும். அதை மனதிலேயே எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாளில் பலர் தடுமாறுவார்கள். இரண்டு தட்டு, மூன்று தட்டு என்று இறங்கி வந்துவிடலாம். பக்கத்து வகுப்புக்கு இரைச்சல் கேட்கும் என்றாலோ, மாடித் தளம் என்றாலோ குதிப்பதற்குப் பதிலாக உட்கார்ந்து எழலாம். ஓட, குதிக்க முடியாத பிள்ளை இருந்தால் அன்றைக்கு வகுப்பு முழுவதுமே முட்டியைத் தட்டட்டும். எல்லோரும் குதிக்க, அந்தப் பிள்ளை மட்டும் தட்டும் நிலை வர வேண்டாம். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு மேளம் தட்டும் கை தெளிவாகத் தெரிகிற இடம் கொடுக்க வேண்டும்.

குதித்து முடித்த 22 பேரை உட்கார வைப்பதில்தான் பெரும்பாலான பாடங்கள் உடைகின்றன. மிஸ் "உட்காருங்க, உட்காருங்க" என்று கத்துவார், அந்தச் சத்தமே அவர்களை இன்னும் கிளப்பிவிடும். இதற்கு உடம்பை மெதுவாகக் கீழே கொண்டுவருகிற ஒரு எண்ணிக்கையைத் திட்டத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சு என்றால் கை வானத்தில். நாலு, தோளில். மூணு, இடுப்பில். ரெண்டு, முட்டியில். ஒண்ணு, தரையில். ஒவ்வொரு எண்ணுக்கும் குரலின் சத்தமும் ஒரு படி குறைந்து, ஒன்று வரும்போது கிசுகிசுப்பாக இருக்க வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. இதில் ஒரு எண்ணுக்கு ஒரு இடம் என்ற பொருத்தம் இருக்கிறது.

"மூணு எண்றதுக்குள்ள எல்லாரும் உட்காரணும், இல்லைன்னா..." என்பதை அடியோடு விட்டுவிடச் சொல்வேன். அதில் எண்ணப்படுவது எதுவுமே இல்லை. மூன்று என்பது ஒரு அளவாக இல்லாமல் மிரட்டலின் ஒலியாகிவிடுகிறது. இரண்டு, இரண்டரை, இரண்டே முக்கால் என்று பெரியவர்களே அதை நீட்டியும் விடுகிறார்கள்.

இப்போது எல்லோரும் தரையில். ஆயாம்மா ஒரு பக்கமிருந்தும் மிஸ் மறுபக்கமிருந்தும் கோப்பைகளைக் கொடுக்கிறார்கள். கோப்பையை வாங்கினவர் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே விதி. எல்லோரிடமும் வந்ததும், "நாலு கல்லை எடுத்து முன்னாடி வைங்க." இதற்காகத்தான் ஏழு கல். கோப்பையில் நாலே கல் இருந்தால் பிள்ளை எல்லாவற்றையும் கொட்டிவிட்டுச் சரியான விடையோடு உட்கார்ந்திருக்கும். அதற்கு நாலு தெரிந்ததா, கல் தீர்ந்ததா என்று நமக்குத் தெரியாது. மீதி இருக்கும்போது நிற்பதுதான் எண்ணிக்கை.

இந்த நாலு நிமிடமும் மிஸ் பேசக் கூடாது, பார்க்க வேண்டும். முழு வகுப்பையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. தினமும் நாலைந்து பிள்ளைகளை முன்கூட்டியே குறித்துக்கொண்டால் வாரத்தில் 22 பேரையும் பார்த்துவிடலாம். என்ன பார்ப்பது? கையால் அள்ளுகிறதா, ஒவ்வொன்றாக எடுக்கிறதா. ஒரு கல்லுக்கு ஒரு எண் சொல்கிறதா, விரல் முன்னேயும் வாய் பின்னேயும் போகிறதா. நாலில் நிற்கிறதா. "எத்தனை வச்சிருக்கே கண்ணா?" என்று கேட்டால் நாலு என்கிறதா, மறுபடி எண்ணத் தொடங்குகிறதா. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து வைக்கிறதா என்பதும் தெரியும். பார்த்து வைப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளையைத் தனியாக ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். ஐந்து கல் வைத்த பிள்ளையிடம் "தப்பு" என்று சொல்வதைவிட, "நாம ரெண்டு பேரும் தொட்டு எண்ணிப் பார்க்கலாமா?" என்று சொல்லி, நாலாவது கல்லில் இருவரும் விரலை வைத்து நிறுத்துவது நல்லது. ஐந்தாவது கல் தனியே கிடப்பதை அதுவே பார்க்கும். அதைக் கோப்பைக்குள் போடுவதும் அதன் வேலையாகவே இருக்கட்டும்.

கற்களைத் திரும்ப வாங்கும்போதே பாட்டு தொடங்கிவிட வேண்டும். ஆயாம்மா வாளியோடு வட்டத்தைச் சுற்றிவர, மிஸ் அடுத்த பாட்டின் மெட்டை வார்த்தையில்லாமல் முணுமுணுக்கிறார். ஒரு வேலை முடிந்த பிறகு அடுத்ததைத் தொடங்கினால் நடுவில் ஒரு பள்ளம் விழும், பிள்ளைகள் அந்தப் பள்ளத்தைத் தங்கள் வழியில் நிரப்புவார்கள். முந்தினது முடியும் முன்பே அடுத்தது தொடங்கினால் பள்ளமே இருக்காது.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் ஒரே ஒரு நிபந்தனைதான். ஒவ்வொரு சுற்றிலும் பாட்டு ஒரு இடத்தில் நிற்க வேண்டும், அந்த இடத்தில் பிள்ளை எண்ணி விடை சொல்ல வேண்டும். ஒன்று முதல் பத்து வரை எதுகையோடு ஓடிப்போகிற பாட்டுகள் வரிசையை மனதில் பதிக்கும், அதற்கு அவை நல்லவைதான். இந்தப் பாடத்துக்கு அவை உதவாது. மிஸ்ஸே இரண்டு வரி கட்டிக்கொள்ளலாம். இதோ ஒன்று:

இலையில அஞ்சு இட்லி, ஆவி பறக்குது,
காக்கா ஒண்ணு பறந்து வந்து கொத்திப் போகுது!
மிச்சம் எத்தனை? மிச்சம் எத்தனை?
எண்ணிப் பாரு, எண்ணிச் சொல்லு!

தரையில் கயிற்றைச் சுற்றிப் பெரிய வாழையிலை மாதிரி போட்டு, அதற்குள் ஐந்து பிள்ளைகள் இட்லியாக உட்காருகிறார்கள். ஒரு பிள்ளை காக்கா. இறக்கை அடித்துப் பறந்து வந்து ஒரு இட்லியைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு போகும். வட்டத்தில் இருக்கிற மீதிப் பதினாறு பேர் சும்மா வேடிக்கை பார்க்கக் கூடாது. அவர்கள் ஒரு கையின் ஐந்து விரலையும் விரித்து வைத்திருந்து, ஒவ்வொரு இட்லி போகும்போதும் ஒரு விரலை மடக்க வேண்டும். "மிச்சம் எத்தனை?" என்றதும் பாட்டு நிற்கிறது. மிஸ் உடனே விடையைச் சொல்லிவிடாமல் இரண்டு மூன்று தாளம் காத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கு இந்த மௌனம் சங்கடமாக இருக்கும். பிள்ளைகள் எண்ணுவது அந்த மௌனத்தில்தான். விடையைக் கத்தச் சொல்லாமல், மிச்சத்தை விரலால் காட்டி நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொன்னால், முந்திக் கத்துகிற இரண்டு பிள்ளைகளைப் பார்த்து மற்றவர்கள் சொல்வது குறையும். எல்லோருடைய விரலையும் மிஸ் ஒரு பார்வையில் பார்த்துவிடலாம். பிறகு இலைக்குள் இருப்பவர்களின் தலையைத் தொட்டு எண்ணி, கடைசி எண்ணில் கையை அப்படியே வைத்துக்கொண்டு, "நாலு. மிச்சம் நாலு இட்லி" என்று சொல்லி முடிக்க வேண்டும்.

இந்தப் பாட்டையும் பிள்ளைகள் நாலைந்து நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு என்று பின்னாலிருந்து ஒப்பிப்பதும் ஒப்பிப்புதான். அதற்கு ஒரு மாற்று இருக்கிறது. பாட்டு நன்றாகப் பழகிய பிறகு ஒரு நாள், முன்னறிவிப்பில்லாமல் காக்காவிடம் இரண்டு இட்லியைக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ஒப்பிக்கிற பிள்ளைகள் "நாலு" என்பார்கள். எண்ணுகிற பிள்ளைகள் இலையைப் பார்த்துவிட்டு "மூணு" என்பார்கள், பலத்த ஆட்சேபத்தோடு. எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்று மிஸ் அன்றைக்குக் குறித்துவைக்க வேண்டும்.

பாட்டையும் அசைவையும் வட்டத்தையும் மழலைக் கல்விக்குள் கொண்டுவந்தது புதிய எண்ணம் இல்லை. ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் 1837-ல் சிறு பிள்ளைகளுக்கான தன் நிறுவனத்தைத் தொடங்கிய ஃபிரெடரிக் ஃப்ரோபெல் விரல் விளையாட்டையும் பாட்டையும் கூடி விளையாடுவதையும் கற்பித்தலின் நடுவில் வைத்தார். தாய்மார்களுக்காக அவர் தொகுத்த பாட்டுப் புத்தகம் 1844-ல் வந்தது. 'கிண்டர்கார்டன்' என்ற பெயரும் அவர் வைத்ததுதான். அவர் விளையாட்டுகளில் அசைவுக்கு ஒரு நோக்கம் இருந்தது. பாட்டுக்கு ஆடுவது பாட்டுக்காக மட்டும் என்று ஆகிவிட்ட வகுப்புகளில் அந்த நோக்கம்தான் காணாமல் போயிருக்கிறது.

இனி வெளியேறுவது. பிள்ளைகள் வட்டத்திலிருந்து சாப்பாட்டு மேசைக்குப் போக வேண்டும். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அனுப்பினால், ஆளுக்குப் பத்து விநாடி என்றாலும் 22 பேருக்கு மூன்றரை நிமிடத்துக்கு மேல். கடைசிப் பிள்ளைக்கு அது பெரிய தண்டனை. எல்லோரையும் ஒன்றாக விட்டால் கதவருகே விழுந்து அடிபடும். ஆகவே நாலு நாலு பேராக அனுப்பலாம். மிஸ் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். அதில் கோலப்புள்ளி மாதிரி பெரிய புள்ளிகள். ஒரு விநாடிதான் காட்ட வேண்டும், பிறகு மறைத்துவிட வேண்டும். மூன்று புள்ளி வரை நம் கண் எண்ணாமலே பிடித்துக்கொள்ளும். பிள்ளைகளிடமும் இந்தத் திறமை உண்டு. புள்ளி எத்தனையோ அத்தனை தடவை கை தட்டிவிட்டு அந்த நாலு பேர் எழுந்து போகலாம். ஒரே மூன்றை ஒரு அட்டையில் வரிசையாகவும் இன்னொன்றில் முக்கோணமாகவும் போட்டிருந்தால், படத்தை நினைவு வைத்துச் சொல்வது நடக்காது. ஐந்து முறை நாலு நாலாகப் போனதும் வட்டத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களைப் பார்த்து, "மிச்சம் எத்தனை?" என்று பாட்டு மெட்டிலேயே கேட்கலாம்.

மொத்தத்தையும் கூட்டினால் வந்து சேர இரண்டு நிமிடம், குதிக்க ஐந்து, உட்கார ஒன்று, கல்லுக்கு நாலு, பாட்டுக்கு ஐந்தரை, வெளியேற ஒன்றரை, சுமார் பத்தொன்பது நிமிடம். மீதி ஒரு நிமிடம் யாருக்காவது ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கும். நாலு வயதுப் பிள்ளைகளை இருபது நிமிடத்துக்கு மேல் வட்டத்தில் வைத்தால் என்ன பாடம் வைத்தாலும் பயன் குறைவு. மூன்றே பேர் படுத்து உருளத் தொடங்கினால் அது அவர்கள் குறும்பு. பத்துப் பேர் உருண்டால் பாடம் நீண்டுவிட்டது என்று பொருள், பாட்டின் சுற்றுகளைக் குறைத்துவிட்டு வெளியேறும் அட்டையை எடுத்துவிட வேண்டும். இட்லியாகவோ காக்காவாகவோ வர மாட்டேன் என்று ஒதுங்குகிற பிள்ளையை இழுக்க வேண்டாம். மேளத்தைக் கொடுத்துத் தட்டச் சொன்னால் தட்டும் பிள்ளைகள் உண்டு, அதுவும் எண்ணிக்கைதான்.

இந்தப் பாடத்தில் எண்ணின் எழுத்து வடிவத்துக்கு இடமில்லை. நிறம், வடிவம், 'பெரியது சிறியது' எதுவும் இதற்குள் நுழையக் கூடாது. இட்லிக்கு நிறம் கேட்கத் தோன்றும், கேட்டால் எண் அங்கே நின்றுவிடும். கூட்டமாகச் செய்கிற எதிலும் ஒரு வரம்பு உண்டு. இரண்டு வரைக்கும்தான் பொருள் அறிந்த பிள்ளைக்கு வட்டத்தில் நடப்பது ஒரு பழக்கத்தைத்தான் கொடுக்கும். அதற்கு அப்புறம் அது மிஸ்ஸோடு தனியாக, இரண்டு மூன்று நிமிடம், கற்களோடு உட்கார்ந்தால்தான் மூன்று வரும்.

மறுநாளைய திட்டம் அன்றைய குறிப்பேட்டிலிருந்தே எழுத வேண்டும். பார்த்த ஐந்து பேரில் மூன்று பேர் நாலில் நிற்கவில்லை என்றால், மறுநாள் வட்டத்தில் மூன்றோடு தொடங்கி, இலையில் இட்லியையும் மூன்றாக்கிவிடலாம். அந்த மூன்று பேரையே முதல் இட்லிகளாக உட்கார வைத்தால், தங்கள் தலைமேல் எண் நிற்பதை அவர்கள் உட்கார்ந்தபடியே உணர்வார்கள். ஐந்து பேரும் நின்றுவிட்டார்கள் என்றால் கோப்பையில் ஏழுக்குப் பதில் பத்துக் கல் போட்டு, "அஞ்சு" என்று கேட்கலாம்.